பள்ளிக்கூட மாடியில விழற மழை வருஷத்துக்கு எத்தனை லிட்டர்? கணக்கும் மாடலும் ஸ்டெப் பை ஸ்டெப்

பள்ளிக்கூடத்துக்கு மழைநீர் சேகரிப்பு மாடல் செய்யறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல அட்டையும் பசையும் எடுத்து உக்காந்துடறாங்க, மாடல் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் "சார், இதுல எத்தனை லிட்டர் கிடைக்கும்னு கேக்கறாங்க"ன்னு கணக்குக்கு வர்றாங்க. அப்போ மாடல்ல வச்ச தொட்டி ஒரு சைஸ், கணக்குல வர்ற தொட்டி ஒரு சைஸ், ரெண்டும் ஒட்டாது. அதனால இங்க வரிசை தலைகீழ். முதல்ல நிஜக் கட்டடம், அப்புறம் கணக்கு, மாடல் கடைசி.

விளக்கத்துக்கு ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கறேன், கடைசி வரைக்கும் அதே பள்ளிதான். ரெண்டு மாடி இருக்கற மெயின் பிளாக், மேல கான்கிரீட் மொட்டை மாடி. பக்கத்துல ஒரு தரைத்தள ஹால், அதுக்கு ரெண்டு பக்கமும் சரியற தகர ஷீட் கூரை. மழை அளவு எல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டது, உங்க ஊர் அளவை நீங்க மாத்திக்கணும்.

## 1. உக்காரறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

நீளமான டேப் (30 மீட்டர் இருந்தா நல்லது), ஒரு நோட்டு, மாடிக்குப் போக அனுமதி, கூட ஒரு பெரியவர். பசங்களை ஷீட் கூரை மேல ஏத்தாதீங்க, அதை கீழ தரையில நின்னே அளந்துடலாம், எப்படின்னு அடுத்த ஸ்டெப்ல வருது.

இன்னொண்ணு உங்க ஊருக்கு கிட்ட இருக்கற வானிலை நிலையத்தோட மாசவாரி மழை அளவு. ஒரு வருஷத்தோடது மட்டும் வேணாம், பல வருஷ சராசரி வேணும், 30 வருஷ சராசரி கிடைச்சா அதான் ரொம்ப சரி. கூடவே நல்லா காய்ஞ்ச ஒரு வருஷத்தோட மொத்தத்தையும் குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும். அளவு மில்லிமீட்டர்ல இருக்கா, சென்டிமீட்டர்ல இருக்கா, இன்ச்ல இருக்கான்னு பாத்துக்குங்க. செய்தியில "9 செ.மீ. மழை"ன்னு வர்றதை 9 மி.மீ.ன்னு எழுதினா விடை பத்துல ஒரு பங்கா சுருங்கிடும்.

## 2. கூரையை மேலேருந்து பாத்த மாதிரி அளங்க

மழை மேலேருந்து கீழ விழுது. அதனால கூரைக்கு நேர் கீழ தரையில எவ்வளவு இடம் மறையுதோ அதுதான் மழை பிடிக்கற பரப்பு. கூரை எவ்வளவு சரிவா இருந்தாலும் அதே இடம்தான், சரிவு கூடினா ஷீட் நீளம் கூடும், விழற மழை கூடாது.

இங்கதான் நிறைய பேர் தடுமாறறாங்க. ஹாலோட ஷீட் ஒரு பக்கம் 3.9 மீட்டர் நீளம், ரெண்டு பக்கம் சேத்தா 7.8, ஹால் நீளம் 15 மீட்டர், ஆக 117 சதுர மீட்டர்னு போடுவாங்க. ஆனா கூரையோட ஒரு ஓரத்துலருந்து எதிர் ஓரம் வரைக்கும் தரையில டேப் போட்டா 7 மீட்டர்தான் வரும். 15 × 7 = 105 சதுர மீட்டர். 12 சதுர மீட்டர் சும்மா கூடிப்போச்சு. தரையில அளக்கும்போது சுவத்துக்கு சுவர் அளக்காதீங்க, கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கற ஓரத்துக்கு நேர் கீழ குறி போட்டு அளங்க, அந்த நீட்டல்ல விழற மழையும் நமக்குத்தான்.

மொட்டை மாடிக்கு கைப்பிடிச் சுவரோட உள்பக்கத்துலருந்து உள்பக்கம் வரைக்கும். சுவர் தலையில விழறது பாதி வெளிப்பக்கமா வழிஞ்சுடும், அதை எண்ண வேணாம். நம்ம மெயின் பிளாக் 30 × 9 = 270 சதுர மீட்டர். மாடிப்படி அறை, தண்ணித் தொட்டி எல்லாம் நடுவுல இருக்கே, கழிக்கணுமான்னு கேப்பாங்க. வேணாம், அது மேல விழற மழையும் மாடித் தரைக்குத்தான் வழியும். அது வெளிப்பக்கமா தனிக் குழாய் போட்டு விட்டிருந்தா மட்டும் கழிங்க.

அப்புறம், ரெண்டு மாடின்னா ரெண்டால பெருக்கறவங்க உண்டு. கட்டட அனுமதி பேப்பர்ல இருக்கற மொத்தப் பரப்பை அப்படியே எடுத்தா இதுதான் நடக்கும், அதுல ஒவ்வொரு தளமும் கூட்டியிருக்கும். மழை எல்லா மாடியிலயும் விழாது.

## 3. எந்தத் தண்ணி எந்தக் குழாய்க்குப் போகுதுன்னு பாருங்க

பரப்பு கிடைச்ச உடனே கால்குலேட்டரை எடுக்காம ஒரு தடவை கட்டடத்தைச் சுத்தி வாங்க. இந்த ஸ்டெப்பை விட்டுட்டு வர்ற கணக்குதான் பேப்பர்ல அழகா இருந்து தொட்டியில பொய்யாப் போறது.

மொட்டை மாடியில எத்தனை தண்ணி வெளியேறற ஓட்டை இருக்கு, ஒவ்வொண்ணும் கீழ எங்க இறங்குதுன்னு பாருங்க. தரை எந்தப் பக்கம் வாட்டமா இருக்குன்னு தெரியலன்னா ஒரு வாளி தண்ணியை நடுவுல ஊத்திப் பாருங்க, அதுவே காட்டிடும். நம்ம பள்ளியில நாலு ஓட்டை, நாலும் ஏறக்குறைய சமமா தண்ணி வாங்குது, நாலையும் தொட்டிக்கு இழுத்துட முடியும். ஒவ்வொண்ணுக்கும் 270-ல நாலுல ஒரு பங்கு, 67.5 சதுர மீட்டர். இந்த எண்ணை எழுதி வைங்க, கடைசி ஸ்டெப்ல ஒரு துப்பு துலக்க இதுதான் உதவும்.

ஷீட் கூரையில முன்பக்கம் மட்டும்தான் ஓரத்துல தண்ணி பிடிக்கற கட்டர் மாட்டியிருக்கு, பின்பக்கம் மதில் சுவருக்கு ஒட்டி நேரா மண்ணுல சொட்டுது, அங்க கட்டர் மாட்ட இடமும் இல்ல. அப்போ 105 சதுர மீட்டர்ல பாதிதான் நம்ம கணக்கு, 52.5. பின்பக்கமும் மாட்ட முடியும்னா அதை "பின்னாடி கூட்டக்கூடியது"ன்னு தனியா எழுதுங்க, இப்பவே கூட்டிடாதீங்க.

ஆக பிடிக்கற பரப்பு: கான்கிரீட் 270, ஷீட் 52.5, மொத்தம் 322.5 சதுர மீட்டர். ரெண்டையும் தனித்தனியாவே வச்சுக்கணும், ஏன்னா அடுத்து வர்ற குணகம் ரெண்டுக்கும் வேற வேற.

## 4. குணகம்: விழறது எல்லாம் வந்து சேராது

1 சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை விழுந்தா சரியா 1 லிட்டர். இது மனப்பாடமா இருந்தா பாதிக் குழப்பம் போயிடும், மீட்டருக்கு மாத்தறது, ஆயிரத்தால வகுக்கறது எதுவும் வேணாம். பரப்பையும் மழையையும் பெருக்கினா நேரா லிட்டர் வந்துடும்.

ஆனா காய்ஞ்ச கான்கிரீட் முதல்ல கொஞ்சம் குடிக்கும், குழிகள்ல கொஞ்சம் தேங்கி காத்துல போயிடும், கொஞ்சம் தெறிச்சு வெளிய விழும். இந்த இழப்புக்குத்தான் வழிந்தோடல் குணகம்னு ஒரு எண்ணால பெருக்கறோம். தகர ஷீட்டுக்கு பொதுவா 0.9 வரைக்கும் எடுத்துக்கறாங்க, கான்கிரீட் மாடிக்கு 0.7 லருந்து 0.8, ஓட்டுக் கூரைக்கு 0.75 சுத்தி. நான் கான்கிரீட்டுக்கு 0.75, ஷீட்டுக்கு 0.9 எடுக்கறேன். உங்க மாடி தளம் பெயர்ந்து பள்ளம் பள்ளமா இருந்தா 0.7 போடுங்க, தயங்காதீங்க, கூட சொல்லி ஏமாறறதை விட குறைச்சு சொல்றது மேல்.

குணகம் ஒரு சராசரிதான்னு ஞாபகம் இருக்கட்டும். சுட்டுக்கிட்டு இருக்கற மாடியில 2 மி.மீ. தூறல் விழுந்தா குழாய்ல ஒண்ணுமே வராது. அதே மாடியில ஒரே மூச்சா 60 மி.மீ. கொட்டினா பத்துல ஒம்பது பங்கு வந்துடும். தூறல் ஊர்னா குணகத்தை கீழ இறக்கணும்.

## 5. வருஷக் கணக்கு

உதாரண ஊர்ல வருஷ சராசரி மழை 950 மி.மீ.ன்னு வச்சுக்குவோம்.

கான்கிரீட்: 270 × 950 × 0.75 = 1,92,375 லிட்டர்.

ஷீட்: 52.5 × 950 × 0.9 = 44,887 லிட்டர்.

ரெண்டும் சேந்து ஏறக்குறைய 2,37,260 லிட்டர். இதை இன்னொரு மாதிரி சொன்னா ஒவ்வொரு 1 மி.மீ. மழைக்கும் இந்தப் பள்ளிக்கு 250 லிட்டர் வருது (270 × 0.75 கூட்டல் 52.5 × 0.9). எனக்கு இந்த ஒத்தை எண்தான் ரொம்பப் பிடிக்கும், நேத்து எவ்வளவு மழைன்னு தெரிஞ்சா மனசுலயே லிட்டர் சொல்லிடலாம்.

சரி, இதே பள்ளிக்கு புதுசா செய்யறவங்க போடற கணக்கு எப்படி இருக்கும்னா, ரெண்டு மாடிக்கு 540, சரிவா அளந்த ஷீட் 117, மொத்தம் 657 சதுர மீட்டர், குணகம் இல்லாம 950 ஆல பெருக்கி 6,24,150 லிட்டர். நிஜத்தை விட ரெண்டரை மடங்குக்கு மேல! ஒவ்வொரு தப்பும் தனியா சின்னதாத்தான் தெரியும், எல்லாம் ஒரே பக்கமா தள்றதால சேந்து இப்படி ஆகுது.

## 6. முதல் மழைத் தண்ணியைக் கழிங்க

காய்ஞ்ச நாள்கள்ல மாடியில தூசு, இலை, பறவை எச்சம் எல்லாம் சேந்திருக்கும். மழை ஆரம்பிச்ச உடனே வர்ற தண்ணி அதை எல்லாம் கழுவிக்கிட்டு வரும், அதை தொட்டிக்குள்ள விடக் கூடாது. தனியா ஒரு அறையில பிடிச்சு வெளிய விடறதைத்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்னு சொல்றாங்க.

எவ்வளவு விடணும்? பரப்பு மேல 1 மி.மீ. அளவுன்னு வச்சா 322.5 லிட்டர். மரத்தடியில இருக்கற மாடின்னா 2 மி.மீ. வரைக்கும் வைக்கலாம். இப்போ பாருங்க, கீழ இறங்கற குழாய்ல ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 மி.மீ. பைப் துண்டைத் தொங்க விட்டு மூடி போட்டு "ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் வச்சாச்சு"ன்னு சொல்றது நிறைய இடத்துல நடக்குது. அந்த துண்டு பிடிக்கறது 8 லிட்டர் கூட இல்ல. 322-க்கு 8! அழுக்கு முழுக்க தொட்டிக்குத்தான் போகும். ஒவ்வொரு குழாய்க்கும் அதோட பங்கு அளவுக்கு ஒரு டிரம் வைக்கறதுதான் வழி, மாடிக் குழாய்க்கு 67.5 லிட்டர், ஷீட் குழாய்க்கு 52.5 லிட்டர். டிரம் நிறைஞ்ச உடனே ஒரு மிதக்கற பந்து அதோட வாயை அடைச்சுடும், அதுக்கப்புறம் வர்ற தண்ணி தொட்டிக்குத் திரும்பிடும்.

வருஷத்துக்கு எத்தனை தடவை இப்படி போகும்ங்கறதுதான் கணக்குல வர்ற இடம். டிரம்முக்கு கீழ ஒரு தண்ணி டேப் வச்சு, ரெண்டு மூணு நாள் காய்ஞ்சா மட்டும் தொறந்து காலி பண்ணி வச்சீங்கன்னா, அடுத்தடுத்த நாள் மழைக்கு திரும்ப கழியாது. 35 தடவைன்னு வச்சா 35 × 322.5 = 11,287 லிட்டர், மொத்தத்துல 5 சதவீதம் கிட்ட. டேப்புக்கு பதிலா சின்ன ஓட்டை போட்டு தானா வடிய விட்டா ஆள் வேணாம்தான், ஆனா தினமும் காலியாகி தினமும் வாங்கும். மழை நாள் 60 இருந்தா 19,350 லிட்டர் போயிடும். பள்ளியில தினமும் டேப்பை யார் பாப்பாங்கங்கற கேள்விக்கு உண்மையான பதில் என்னவோ அதை வச்சு முடிவு பண்ணுங்க.

நான் டேப் கணக்கையே எடுத்துக்கறேன். 250-ல 5 சதவீதம் போக 1 மி.மீ.க்கு 238 லிட்டர். வருஷத்துக்கு 950 × 238 = 2,26,100 லிட்டர். அறிக்கையில "சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம்"னு எழுதுங்க. கடைசி லிட்டர் வரைக்கும் எழுதினா குணகமே தோராயம்ங்கறது மறைஞ்சு போயிடும்.

பக்கத்துலயே காய்ஞ்ச வருஷத்தையும் எழுதணும். 600 மி.மீ. பெய்ஞ்ச வருஷம்னா 600 × 238, ஏறக்குறைய 1 லட்சத்து 43 ஆயிரம். "கிடைக்கும்"னு நம்பி எதையாவது திட்டம் போடறதா இருந்தா இந்த எண்ணை வச்சுத்தான் போடணும்.

## 7. தொட்டி அளவுக்கு மாசவாரிக் கணக்கு

வருஷத்துக்கு 2,26,100 லிட்டர்ங்கறது மாடியிலருந்து இறங்கற தண்ணி. பயன்படுத்தற தண்ணி அது இல்ல. மழை பெய்யற மாசத்துல தொட்டி நிறைஞ்சு வழிஞ்சா அது போனதுதான். அதனால மாசம் மாசமா ஓட்டிப் பாக்கணும்.

கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல முதல் மாசத்துக்கு முந்தின வரியில (வரி 2) இருப்பு 0 போட்டு, வரி 3-லருந்து மாசங்களை எழுதுங்க. B மழை, C வரவு, D தேவை, E எடுத்தது, F மாசக் கடைசி இருப்பு, G வழிஞ்சது. தொட்டி 20,000 லிட்டர்.

```
C3: =B3*238
E3: =MIN(D3, F2+C3)
F3: =MIN(20000, F2+C3-E3)
G3: =MAX(0, F2+C3-E3-20000)
```

இதை கீழ வரைக்கும் இழுத்து விட்டுடுங்க. நம்ம உதாரணத்துல கழிவறைக்கும் செடிக்கும் ஒரு நாளைக்கு 1,000 லிட்டர், மாசத்துக்கு 20 வேலை நாள், ஆக 20,000. மே மாசம் லீவு, தேவை 0. மே மாசத்துலருந்து ஆரம்பிக்கறேன். ஏன்னா அதுக்கு முன்னாடி தொட்டி காலியா இருக்கும், ஜனவரியில ஆரம்பிச்சா நவம்பர் மழை மிச்சம் இருக்கறதை 0-ன்னு போட்டுடுவோம், ஜனவரி, பிப்ரவரி விடை தப்பா வரும்.

மழை மே முதல் ஏப்ரல் வரைக்கும் வரிசையா 50, 60, 80, 110, 120, 190, 200, 70, 20, 10, 10, 30 மி.மீ.

மே 11,900 லிட்டர் வரும், யாரும் எடுக்கல, அப்படியே இருக்கும். ஜூன் 14,280 சேந்து 20,000 எடுத்தா மிச்சம் 6,180. ஜூலை கடைசியில 5,220, ஆகஸ்ட் 11,400, செப்டம்பர் 19,960. அக்டோபர்ல 45,220 வருது, ஏற்கனவே தொட்டி கிட்டத்தட்ட ஃபுல், 20,000 எடுத்தும் 25,180 வழியுது. நவம்பர்ல 27,600 வழியுது. டிசம்பர் கடைசியில 16,660, ஜனவரி கடைசியில வெறும் 1,420. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல அன்னன்னைக்கு விழறது மட்டும்தான், மூணு மாசமும் பற்றாக்குறை.

மொத்தம் வழிஞ்சது 52,780. பள்ளி நிஜமா எடுத்துக்கிட்டது 1,73,320 லிட்டர். ரெண்டு எண்ணையும் கூட்டினா 2,26,100 வரணும், வருதான்னு பாத்துக்குங்க, வரலன்னா ஃபார்முலால எங்கயோ தப்பு இருக்கு.

அப்போ தொட்டியை டபுள் ஆக்கினா என்ன ஆகும்? ஃபார்முலால 20000 இருக்கற இடத்துல 40000 போடுங்க. வழியறது 32,780 ஆக குறையும், எடுத்தது 1,93,320. அதாவது இன்னொரு 20,000 லிட்டர் தொட்டி கட்டினா வருஷத்துக்குக் கூட கிடைக்கறது 20,000 லிட்டர்தான், அது வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் நிறைஞ்சு காலியாகுது. முதல் தொட்டி வருஷத்துக்கு எட்டு தடவைக்கு மேல வேலை செய்யுது. இது தெரிஞ்சா பெரிய தொட்டிக்கு ஆசைப்படாம வழியற தண்ணியை உறிஞ்சு குழிக்கு விட்டுடலாம்னு தோணும், நானும் அதைத்தான் சொல்வேன். மழை மாசத்துல மண்ணுக்குள்ள இறக்கற தண்ணி எங்கயும் வீணாப் போகல.

மாசக் கணக்குக்கு ஒரு குறை இருக்கு. ஒரே நாள்ல 100 மி.மீ. பெய்ஞ்சா 23,800 லிட்டர் வரும், காலித் தொட்டியே வழியும், ஆனா மாசக் கணக்குல அது தெரியாது. மழை பெரிய பெரிய நாளா கொட்டற ஊர்னா இதே ஸ்ப்ரெட்ஷீட்டை தினவாரியா போடணும், எடுத்தது 1,73,320-ஐ விட குறையும்.

## 8. இப்போ மாடல்

கணக்கு முடிஞ்சாச்சு, இனி அளவுகோல். 50-ல ஒரு பங்கு வச்சா மெயின் பிளாக் கூரை 60 × 18 செ.மீ., ஹால் கூரை 30 × 14 செ.மீ., ஒரு மேசையில அடங்கிடும். அட்டை வேணாம், ரெண்டாவது தடவை ஊத்தும்போதே ஊறிப் போயிடும். ஃபோம் போர்டு இல்லன்னா தண்ணி தாங்கற பிளைவுட், மூட்டுகள்ல சிலிகான்.

மொட்டை மாடியோட வாட்டத்தை அளவுகோல்படி வைக்காதீங்க. நிஜத்துல மீட்டருக்கு ஒரு செ.மீ. இறக்கம்னா மாடலோட 18 செ.மீ.க்கு 2 மி.மீ. கூட வராது, தண்ணி முத்து முத்தா அங்கயே நிக்கும், ஓடாது. ஒரு செ.மீ. இறக்கம் குடுங்க, அது அளவுகோலுக்கு மீறினதுன்னு பக்கத்துல எழுதிடுங்க. ஹாலோட பின்பக்க சரிவுக்கு கட்டர் வைக்காம விடுங்க, கணக்குல விட்டது மாடல்லயும் விட்டிருக்கணும், பாக்கறவங்க கேப்பாங்க, அப்போ விளக்கலாம்.

மழைக்கு ஷவர் தலை மாதிரி ஓட்டை போட்ட டப்பா. எவ்வளவு ஊத்தணும்ங்கறதுதான் முக்கியம். மாடல் மாடி 1,080 சதுர செ.மீ. 10 மி.மீ. மழைன்னா அது மேல 1,080 மில்லி விழணும். ஷீட்டோட முன்பக்கம் 210 சதுர செ.மீ., அதுக்கு 210 மில்லி. ரெண்டையும் தனித்தனியா ஊத்தி தனித்தனியா பிடிங்க. பிடிச்சதை ஊத்தினதால வகுத்தா மாடலோட குணகம். காய்ஞ்ச கூரையில ஒரு தடவை, உடனே நனைஞ்ச கூரையில ஒரு தடவை செஞ்சு காட்டினா ரெண்டாவது கூட வரும், நாலாவது ஸ்டெப்ல சொன்னது கண்ணுக்குத் தெரியும்.

ஆனா அந்த குணகத்தை எடுத்து நிஜக் கட்டடத்துக்குப் போட்டுடாதீங்க. பிளைவுட்டுல ஒட்டிக்கற தண்ணிக்கும் வெயில்ல காயற கான்கிரீட்டுக்கும் சம்பந்தமே இல்ல.

## 9. மாடல் தொட்டியில எல்லாரும் மாட்டிக்கற இடம்

நிஜத் தொட்டி 4 மீ × 2.5 மீ × 2 மீ ஆழம், 20,000 லிட்டர். நீளம், அகலம், ஆழம் மூணையும் 50 ஆல வகுத்தா 8 × 5 × 4 செ.மீ., கொள்ளளவு 160 மில்லி. பாக்க அழகா இருக்கும். ஆனா மாடல் மாடியும் ஷீட்டோட முன்பக்கமும் சேந்து 1 மி.மீ. மழைக்கே 95 மில்லி தரும், அதனால 2 மி.மீ. ஊத்தறதுக்குள்ள தொட்டி வழிஞ்சுடும், "இந்தத் தொட்டி பத்தாதே"ன்னு நடுவர் சொல்லிட்டுப் போயிடுவார்.

காரணம் என்னன்னா, கூரைக்கு நீளமும் அகலமும் மட்டும்தான் சுருங்குச்சு, அது 50 × 50, அதாவது 2,500 பங்கு. மழையோட ஆழத்தை நாம சுருக்கல, 10 மி.மீ.ன்னா மாடலுக்கும் 10 மி.மீ.தான் ஊத்தறோம். தொட்டிய மட்டும் மூணு பக்கமும் சுருக்கி 1,25,000 பங்கா ஆக்கிட்டோம். மழையை சுருக்காத வரைக்கும் தொட்டியும் 2,500 ஆலதான் வகுபடணும்: 20,000 ÷ 2,500 = 8 லிட்டர். ஒரு வாளி.

அதனால அலங்காரத்துக்கு ஒரு குட்டித் தொட்டியை கட்டடத்துக்குப் பக்கத்துல வைங்க, அதுலருந்து ஒரு டியூப் மேசைக்குக் கீழ இருக்கற 8 லிட்டர் பாத்திரத்துக்குப் போகட்டும், அளவுக் கோடு போட்ட பாத்திரமா இருந்தா இன்னும் நல்லது. இதுல வர்ற ஒவ்வொரு லிட்டரும் நிஜத்துல 2,500 லிட்டர்னு ஒரு சீட்டு ஒட்டிடுங்க. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷும் இதே விதிதான், 322.5 லிட்டரை 2,500 ஆல வகுத்தா 129 மில்லி, ஒரு சின்ன பாட்டில். தண்ணியில கொஞ்சம் மண்ணைத் தூவி ஊத்தினா பாட்டில் கலங்கலாவும் வாளி தெளிவாவும் நிக்கும்.

## 10. நிஜ மழையில சரிபாக்கறது

கணக்கு சரியான்னு சொல்லப் போறது அடுத்த மழைதான். திறந்த இடத்துல, பக்கத்துல இருக்கற கட்டடத்தோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி, நேரா நிக்கற பக்கம் இருக்கற ஒரு டப்பா வைங்க (வாய் அகலமா அடி குறுகலா இருக்கற வாளி தப்பு காட்டும்). மழைக்கு முன்னாடி தொட்டியில குச்சி விட்டு அளங்க, மழை நின்ன அப்புறம் திரும்ப அளங்க. நடுவுல யாரும் மோட்டார் போடாம பாத்துக்கணும், அதுதான் கஷ்டம்.

டப்பாவுல 24 மி.மீ.ன்னு வச்சுக்குவோம். வரவேண்டியது 24 × 250 = 6,000, அதுல ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் 322 போக 5,678 லிட்டர். தொட்டியோட அடிப்பரப்பு 10 சதுர மீட்டர்ங்கறதால ஒவ்வொரு செ.மீ. உயர்வும் 100 லிட்டர், ஆக தண்ணி 57 செ.மீ. கிட்ட ஏறியிருக்கணும்.

53, 55-னு இருந்தா விட்டுடுங்க, குணகத்துக்குள்ள அடங்கற வித்தியாசம். 45-தான் ஏறியிருக்குன்னா 12 செ.மீ., அதாவது 1,200 லிட்டர் கிட்ட எங்கயோ போகுது. இப்போ மூணாவது ஸ்டெப்ல எழுதி வச்ச 67.5-ஐ எடுங்க. ஒரு மாடிக் குழாய் இந்த மழைக்குத் தர வேண்டியது 67.5 × 0.75 × 24 = 1,215 லிட்டர், ஃப்ளஷ் போக 1,150 கிட்ட. அளவு பொருந்துது இல்லையா, நாலுல ஒரு ஓட்டை இலை அடைச்சுக் கிடக்கு, இல்லன்னா அந்தக் குழாய் பழையபடி சாக்கடைக்கே போகுது. மாடிக்கு ஏறி எந்த ஓட்டையைச் சுத்தி தண்ணி தேங்கி நிக்குதுன்னு பாருங்க, தேங்கலன்னா கீழ குழாய் மூட்டுகளைப் பாருங்க. ஒரு பெரிய குறை இல்லாம மழைக்கு மழை ஒரே விகிதத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே இருந்தா மட்டும் குணகத்தை 0.75-லருந்து 0.7-க்கு இறக்கி, ஸ்ப்ரெட்ஷீட்ல 238-ஐ மாத்தி திரும்ப ஓட்டுங்க. தொட்டியிலயே கசிவு இருக்கான்னு சந்தேகம் வந்தா மழையும் மோட்டாரும் இல்லாத ஒரு ராத்திரி முழுக்க மட்டத்தை அளந்து பாத்துட்டு அப்புறம் குணகத்துல கை வைங்க.